கெட்டில் 1500 வாட், பல்பு 9 வாட்: மீட்டரில் எது எவ்வளவு ஓட்டும்?

மாடிப்போர்ஷன்

வணக்கம். கரண்ட் விஷயத்துல எனக்கு அ, ஆ கூடத் தெரியாது. கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா பொறுத்துக்கங்க.

வாடகை வீடு. எங்க போர்ஷனுக்குத் தனி சப்-மீட்டர், யூனிட் கணக்குப் பார்த்து ஓனர் அம்மா காசு வாங்கிக்குவாங்க. இப்ப 1500 வாட் எலெக்ட்ரிக் கெட்டில் ஒன்னு வாங்கியிருக்கேன். அதைப் பார்த்துட்டு, "ஒரு தடவை போட்டாலே ஒன்றரை யூனிட் போயிடும், பேசாம அடுப்புல வச்சுக்கோ"ங்கிறாங்க. வராண்டாவுல சாயங்காலம் ஏழு மணிக்குப் போடுற 9 வாட் எல்இடி பல்பு காலைல ஆறு மணி வரைக்கும் எரியுது. அது கண்ணுக்கே தெரியலை போல.

கெட்டில் அடியில வாட்னு போட்டிருக்கு. மீட்டர்ல kWh-னு வருது. ஈபி கார்டுல kW-னு இருக்கு. இதெல்லாம் ஒன்னா, வேற வேறயா? ஒரு தடவை வெந்நீர் வச்சா உண்மையில எத்தனை யூனிட்?

மலைக்கோட்டை

ரொம்ப சிம்பிள்ங்க. கிலோவாட்னா ஒரு மணி நேரத்துல இழுக்குற கரண்ட். 1500 வாட்னா ஒன்றரை யூனிட். கிலோவாட் ஹவர்ங்கிறது அதையே மீட்டர்ல எழுதுற விதம், ரெண்டும் ஒன்னுதான். ஓனர் அம்மா சொல்றது ஒரு மணி நேரம் ஓடினா சரி. கெட்டில் அவ்வளவு நேரம் ஓடாது. விஷயம் முடிஞ்சுது.

மீட்டர்பெட்டி

மலைக்கோட்டை, விடை கிட்டத்தட்ட சரி. ஆனால் "ரெண்டும் ஒன்னுதான்" என்பது தப்பு. ஓனர் அம்மாவின் கணக்குத் தப்பியதும் அதே இடத்தில்தான்.

கிலோவாட் என்பது இந்தக் கணத்தில் மின்சாரம் என்ன வேகத்தில் செலவாகிறது என்பது. அதைச் சொல்ல ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. சுவிட்சைத் தட்டிய உடனே கெட்டில் 1.5 கிலோவாட். நாலு நொடி ஓடினாலும் 1.5, நாலு மணி நேரம் ஓடினாலும் அதே 1.5. அணைத்ததும் பூஜ்யம். எங்கும் எதுவும் சேர்ந்து நிற்காது.

கிலோவாட் ஹவர் சேர்ந்துகொண்டே போகிற கணக்கு. நாம் யூனிட் என்று சொல்வதும் அதுதான், 1 யூனிட் என்றால் 1 கிலோவாட் ஹவர். கெட்டிலை அணைத்தாலும் மீட்டரில் ஏறியது ஏறியதுதான், இறங்காது. காசு வாங்குவது இதற்கு மட்டும்.

இப்போது உங்கள் கெட்டில். ஒரு லிட்டர் தண்ணீர் நம் ஊர்ச் சூட்டில் கொதித்துத் தானாக அணைய ஏறக்குறைய நாலு நிமிடம் ஆகும். கணக்கு இது:

```
வாட் × நிமிடம் ÷ 60000 = யூனிட்

கெட்டில்: 1500 × 4   ÷ 60000 = 0.1
பல்பு:       9 × 660 ÷ 60000 = 0.099
```

660 என்பது சாயங்காலம் ஏழிலிருந்து காலை ஆறு வரை உள்ள 11 மணி நேரம், நிமிடத்தில். ஆக ஒரு லிட்டர் வெந்நீரும், விடிய விடிய எரிகிற வராண்டா பல்பும் மீட்டருக்கு ஒரே அளவு. ஓனர் அம்மா சொன்ன ஒன்றரை யூனிட் ஓட வேண்டுமானால் பதினைந்து தடவை வெந்நீர் வைக்க வேண்டும்.

ஒயர்மேன்_தெற்கு

வண்டில பாருங்க. முள்ளு காட்டுறது கிலோவாட், கீழ கிலோமீட்டர் நம்பர் ஓடுதே, அது யூனிட். கெட்டில் தெரு முனை வரைக்கும் எண்பதுல போய் நின்னுடுது. பல்பு நடந்தே போகுது, ஆனா ராத்திரி பூரா நிக்காமப் போகுது.

மாடிப்போர்ஷன்

பதினைந்து தடவையா! இதை அப்படியே அவங்ககிட்ட காட்டப்போறேன்.

ஆனா ஒரு இடம் இடிக்குது. வண்டி வேகத்தை "மணிக்கு 60 கிலோமீட்டர்"னு சொல்றோம், அதுல மணி இருக்கு. இங்க கிலோவாட்தான் வேகம்னா அதுலதானே "மணிக்கு"ன்னு வரணும்? நீங்க யூனிட்டுக்குப் பக்கத்துல ஹவர் போடுறீங்க. தலைகீழா இருக்கே.

சுருள்கம்பி

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். "மணிக்கு" போன்ற ஒன்று வாட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 1 வாட் என்றால் நொடிக்கு 1 ஜூல். ஜூல்தான் செலவாகிற பொருள், "நொடிக்கு" என்பது உள்ளே அடங்கிவிட்டது. 1500 வாட் கெட்டில் ஒவ்வொரு நொடியும் 1500 ஜூலைத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அதை நேரத்தால் பெருக்கினால் அந்த "நொடிக்கு" அடிபட்டுப் போய் மொத்தம் மட்டும் மிஞ்சும். 1 கிலோவாட் வேகத்தில் 3600 நொடி ஓடினால் 36 லட்சம் ஜூல். அதுதான் 1 யூனிட்.

எனவே "கிலோவாட் பெருக்கல் மணி" என்பதே சரி. "கிலோவாட் பர் ஹவர்" என்று செய்திகளில்கூட எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் வேகம் மணிக்கு மணி எவ்வளவு கூடுகிறது என்று வேறு ஏதோ அர்த்தமாகிவிடும். வீட்டுக் கணக்கில் அதற்கு வேலையே இல்லை.

ஃபில்டர்காபி

கெட்டில்ல பால் மட்டும் காய்ச்சிடாதீங்க. அடித்தட்டுல பிடிச்சுக் கருகிடும், பொங்கினா மூக்கு வழியா வழிஞ்சு சுவிட்ச் பக்கம் இறங்கிடும். அப்புறம் கழுவவும் முடியாது, அந்த வாடையும் போகாது. எனக்கென்னவோ உள்ளே முழுக்க ஸ்டீல் இருக்கிறதா பார்த்து வாங்கியிருக்கலாம்னு தோணுது.

மாடிப்போர்ஷன்

ஃபில்டர்காபி, ஸ்டீல்தாங்க வாங்கியிருக்கேன். பால் வைக்க மாட்டேன் 🙂 ஆனா நான் கேட்டது யூனிட்.

மீட்டர்பெட்டி

அவர் சொன்னதில் யூனிட்டுக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. கெட்டில் தானாக அணைவது தண்ணீரின் சூட்டை அளந்து அல்ல. கொதித்த ஆவி ஒரு சின்ன வழியாகப் போய் ஒரு உலோகத் தகட்டைச் சுட வைக்கிறது. தகடு வளைந்து சுவிட்சைத் தள்ளுகிறது. மூடியைச் சரியாக மூடாவிட்டால் ஆவி மேலேயே போய்விடும், தகடு சூடாகாது, கெட்டில் கொதித்துக்கொண்டே நிற்கும். அப்படி வீணாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 0.025 யூனிட். நாலு நிமிடம் மறந்தால் இன்னொரு லிட்டர் வெந்நீர் வைத்த செலவு. மூடி 'டக்' என்று உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டை

சரி, நான் சொன்ன டெஃபனிஷன் தப்புன்னே வச்சுக்குவோம். ஆனா நடைமுறையில ஒன்னு சொல்றேன். கெட்டிலை மாத்தி 600 வாட் குட்டிக் கெட்டில் வாங்கிடுங்க. பயணத்துக்கு எடுத்துட்டுப் போவாங்களே, அது. வாட் பாதிக்கும் கம்மி, பில்லும் பாதிக்கும் கம்மி. 60 வாட் குண்டு பல்பை எடுத்துட்டு 9 வாட் எல்இடி போட்டப்ப பில் இறங்கலையா? அதே லாஜிக்தான்.

சுருள்கம்பி

இந்த இடத்தில்தான் கெட்டிலும் பல்பும் பிரிகின்றன. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கெட்டிலுக்கு ஒரு வேலை இருக்கிறது, அது முடிந்ததும் நின்றுவிடும். ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய 4.19 கிலோஜூல் வேண்டும். 72 டிகிரிக்கு 302 கிலோஜூல். ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல், ஆகவே தண்ணீருக்கு மட்டும் 0.084 யூனிட். இந்த எண்ணைத் தீர்மானிப்பது தண்ணீரின் அளவும் அதன் சூடும்தான். கெட்டிலின் அடியில் என்ன வாட் எழுதியிருக்கிறது என்பது இதில் எங்குமே வரவில்லை.

மீட்டரில் 0.1 வருவதற்குக் காரணம், கெட்டிலின் உடம்பும் சூடாகிறது, அணைவதற்கு முன் கொஞ்சம் ஆவியும் போகிறது. 600 வாட் கெட்டிலிலும் இதே வேலைதான் நடக்கிறது. 0.1 யூனிட்டை 600 வாட் வேகத்தில் கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் சூடான கெட்டில் காற்றுக்குச் சூட்டை இழந்துகொண்டே இருக்கும், அதனால் கடைசியில் 0.1-ஐவிடச் சற்றுக் கூடத்தான் வரும். அதாவது குறைந்த வாட் கெட்டில் வெந்நீருக்கு ஒரு பைசா மிச்சம் செய்யாது, காக்க வைக்கும்.

பல்புக்கு முடிகிற வேலை கிடையாது. நீங்கள் அணைக்கும்வரை எரியும். நேரத்தைத் தீர்மானிப்பது கடிகாரம், பல்பு அல்ல. அதனால் அங்கே வாட் குறைந்தால் யூனிட்டும் அதே விகிதத்தில் குறையும். அந்த வராண்டாவில் 60 வாட் குண்டு பல்பு இருந்திருந்தால் 11 மணி நேரத்துக்கு 0.66 யூனிட். எல்இடிக்கு 0.1.

கெட்டிலில் மிச்சம் பிடிக்க ஒரே வழி, தேவையான தண்ணீரை மட்டும் ஊற்றுவது. ஒரு டம்ளர் டீக்கு 200 மில்லி போதும் என்றால் ஒரு லிட்டர் ஊற்றாதீர்கள். ஆனால் உள்ளே போட்டிருக்கும் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போனால் அடித்தட்டு அளவுக்கு மீறிச் சூடாகிப் பாதுகாப்புச் சுவிட்ச் வெட்டும்.

மலைக்கோட்டை

ஒத்துக்கறேன், கெட்டிலுக்கு அது சரி. அப்ப வாட் கம்மியா இருக்கிறதுல பிரயோஜனமே இல்லைங்கிறீங்களா?

ஒயர்மேன்_தெற்கு

பில்லுக்கு இல்ல. ஒயருக்கு இருக்கு.

1500-ஐ 230 வோல்ட்டால வகுத்தா ஆறரை ஆம்ப். பழைய வீட்டுல சின்ன சாக்கெட் 6 ஆம்ப்தான். அதுல எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி, அதுல கெட்டிலைச் சொருகி, கூடவே மிக்ஸியும் போடுவாங்க. பின்னு லூசா இருந்தா சாக்கெட் பழுப்பா மாறும், பிளாஸ்டிக் வாடை அடிக்கும். தொட்டுப் பார்த்தா பிளக் சுடும். கெட்டிலை பெரிய 16 ஆம்ப் பாயிண்ட்ல மட்டும் போடுங்க. நாலு நிமிஷம்தானேன்னு நினைக்காதீங்க. யூனிட் கம்மியா இருந்தாலும் அந்த நாலு நிமிஷமும் முழு ஆறரை ஆம்ப் அந்தப் பின்னு வழியாத்தான் போகுது.

ஈபி கார்டுல kW-னு இருக்குன்னு கேட்டீங்களே. அது நீங்க ஒரே நேரத்துல எவ்வளவு லோடு போடலாம்னு அனுமதி வாங்குன அளவு. உதாரணத்துக்கு 4 கிலோவாட்னா 4 யூனிட்தான் எரிக்கலாம்னு அர்த்தமில்ல. நாள் பூரா 4 கிலோவாட் ஓட்டினா 96 யூனிட் ஆகும்.

மாடிப்போர்ஷன்

அய்யோ, நான் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன்.

கரண்ட்கட்

இந்த இழையைப் படிச்சதும் என் வீட்டுப் பிரச்சினை ஞாபகம் வந்துச்சு. 150 ஆம்ப் ஹவர் பேட்டரி, 12 வோல்ட். பெருக்கினா 1800 வாட் ஹவர், 1.8 யூனிட். நீங்க சொல்ற கணக்குப்படி கெட்டிலுக்கு 0.1 யூனிட் போதும், அப்ப பதினெட்டு தடவை வெந்நீர் வரணும். ஆனா கரண்ட் போனப்ப கெட்டிலைப் போட்டா இன்வெர்ட்டர் கத்திக்கிட்டே ஓவர்லோடு காட்டி அணைஞ்சுடுது. பேட்டரி புதுசு. கடைக்காரர் பேட்டரி டூப்ளிகேட்னு சொல்லி இன்னொன்னு தள்ளப் பார்க்கிறார்.

மீட்டர்பெட்டி

வாங்காதீர்கள், இந்த அறிகுறியை வைத்துப் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. இன்வெர்ட்டரில் எத்தனை விஏ என்று போட்டிருக்கிறது?

கரண்ட்கட்

900.

மீட்டர்பெட்டி

900 விஏ என்றால் வாட்டில் ஏறக்குறைய 700 என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டில் 1500 கேட்கிறது. இருப்பில் யூனிட் ஏராளம், ஆனால் அதைக் கெட்டில் கேட்கிற வேகத்தில் எடுத்துக் கொடுக்க இன்வெர்ட்டரால் முடியவில்லை. கிலோவாட்டில் தோற்கிறது, கிலோவாட் ஹவரில் அல்ல. இன்னும் நாலு பேட்டரி சேர்த்தாலும் அதே 900 விஏ இன்வெர்ட்டர் இதே போலத்தான் கத்தும்.

பல்புக்கு நேர் எதிர். 9 வாட் அந்த இன்வெர்ட்டருக்கு ஒரு பொருட்டே இல்லை. வழியில் போகும் இழப்பையெல்லாம் கழித்து, கையில் 1 யூனிட் கிடைக்கிறது என்று வைத்தாலும் அந்தப் பல்பு 110 மணி நேரம் எரியும்.

பதினெட்டு தடவை என்பதும் நடக்காது. பெரிய இன்வெர்ட்டர் போட்டு 1500 வாட் இழுத்தால் 12 வோல்ட் பக்கம் 125 ஆம்புக்கு மேல் போகும். அந்த வேகத்தில் இழுத்தால் லெட் ஆசிட் பேட்டரி எழுதியிருக்கிற 150 ஆம்ப் ஹவரைத் தராது, அதற்கு முன்பே படுத்துவிடும். வெந்நீரை கரண்ட் இருக்கும்போதே வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றிவிடுங்கள்.

மாடிப்போர்ஷன்

ஓனர் அம்மாகிட்ட சொன்னேன். "பேப்பர்ல எழுதினா ஆச்சா, மீட்டர்ல காட்டு"ங்கிறாங்க. எப்படிக் காட்டுறது?

மீட்டர்பெட்டி

சப்-மீட்டரில் சிவப்பாக ஒரு புள்ளி விட்டு விட்டு மின்னும். பக்கத்தில் imp/kWh என்று ஒரு எண் அச்சடித்திருக்கும். 3200, 1600 போன்ற எண்கள் பரவலாக இருக்கும். அத்தனை தடவை மின்னினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். உங்களுடையது என்ன?

மாடிப்போர்ஷன்

3200 imp/kWh.

மீட்டர்பெட்டி

நல்லது. இதில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டலாம். எவ்வளவு வேகமாக மின்னுகிறது என்பது கிலோவாட், மொத்தம் எத்தனை தடவை மின்னியது என்பது யூனிட்.

முதலில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜைப் பிளக்கிலிருந்தே எடுங்கள், நடுவில் கம்ப்ரஸர் ஓடினால் கணக்கு கெட்டுவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் சார்ஜிங்கையும் நிறுத்த வேண்டும், பலரும் இதை மறந்துவிடுவார்கள். பிறகு கெட்டிலில் ஒரு லிட்டர் ஊற்றிப் போடுங்கள். ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையில் முக்கால் நொடி இருக்கும். அதைக் கையால் அளக்க முடியாது, எனவே பத்து இடைவெளிக்குச் சேர்த்து அளங்கள், ஏழரை நொடி வரும். முதல் மின்னலைப் பூஜ்யம் என்று எண்ணத் தொடங்குங்கள். அதை ஒன்று என்று எண்ணினால் ஒன்பது இடைவெளிதான் கிடைக்கும், கெட்டில் 1670 வாட் மாதிரித் தெரியும்.

```
வாட் = 3600000 ÷ (3200 × ஒரு இடைவெளி, நொடியில்)
     = 1125 ÷ நொடி

1125 ÷ 0.75 = 1500
1125 ÷ 125  = 9
```

இரண்டாவது வரி பல்பு. பல்பு மட்டும் எரிந்தால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாக ஒரு தடவைதான் மின்னும். ஓனர் அம்மாவை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டில் படபடவென்று அடிக்கும், ஆனால் 320 தடவை மின்னி நின்றுவிடும். பல்பு அதே 320-ஐ ராத்திரி முழுக்க எண்ணும்.

உட்கார்ந்து எண்ணவும் தேவையில்லை. உங்கள் மீட்டர் புள்ளிக்குப் பின் ஓரிலக்கம் காட்டுகிறது என்றால் ஒரு லிட்டருக்கு அந்தக் கடைசி எண் ஒன்று ஏறும். ஐந்து லிட்டர் வைத்தால் 0.5 ஏறும்.

ஃபில்டர்காபி

நானும் பண்ணிப் பார்த்தேன். கெட்டில் சொன்ன மாதிரியே வந்துச்சு. ஆனா 9 வாட் பல்பு மட்டும் போட்டு அரை மணி நேரம் நின்னேன், ஒரு தடவைகூட மின்னலை. அப்ப பல்பு இலவசமா?

ஒயர்மேன்_தெற்கு

மீட்டர் கணக்கு எடுக்க ஆரம்பிக்கவே ஒரு குறைஞ்சபட்ச கரண்ட் வேணும். அதுக்குக் கீழ போனா மீட்டர் கண்டுக்காது. பெரிய ஆம்ப் மீட்டர்ல அந்த வரம்பும் பெருசு. உங்க பல்பு அந்த விளிம்புல இருக்கும்.

சுருள்கம்பி

இருக்கலாம், ஆனால் அரை மணி நேரத்தில் ஒன்றுகூட இல்லை என்பதற்கு வேறு காரணமும் இருக்க முடியும். பல்பு இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா? இன்வெர்ட்டரின் இன்புட்டை அணைத்திருந்தீர்கள் என்றால் பல்பு பேட்டரியில் எரிந்திருக்கும், மீட்டருக்குத் தெரியவே தெரியாது. 60 வாட் ஏதாவது ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 3200 மீட்டரில் ஏறக்குறைய 19 நொடிக்கு ஒரு தடவை மின்ன வேண்டும்.

எப்படியும் பல்பு இலவசம் அல்ல. ஃபிரிட்ஜ், ஃபேன் ஓடும்போது மொத்தக் கரண்ட் அந்த வரம்பைத் தாண்டிவிடும், பல்பின் 9 வாட்டும் அதில் சேர்ந்தே எண்ணப்படும்.

ஃபில்டர்காபி

இன்வெர்ட்டர் லைன்தானான்னு தெரியலை. எலெக்ட்ரீஷியன் வந்தா கேட்கணும்.

மலைக்கோட்டை

ஒன்னு விட்டுட்டீங்க. எங்க ஏரியால சாயங்காலம் வோல்டேஜ் 200-க்கு இறங்கிடும். லோ வோல்டேஜ்ல கரண்ட் அதிகமா இழுக்கும், பில் ஏறும். அப்ப கெட்டில் 0.1-க்கு மேல போகுமே?

சுருள்கம்பி

பாதி சரி. மோட்டாருக்கும் நல்ல டிரைவர் உள்ள எல்இடிக்கும் வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடும். கெட்டிலில் இருப்பது வெறும் சூட்டுக் கம்பி, அங்கே வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும். இரண்டும் குறைவதால் வாட் இரட்டை அடி வாங்கும். 230 வோல்ட்டில் 1500 வாட் என்றால் 200 வோல்ட்டில் 1130 வாட்தான்.

ஆனால் தண்ணீர் அதே தண்ணீர். அதற்கு வேண்டிய 0.084 யூனிட் மாறாது. நாலு நிமிடத்துக்குப் பதில் ஐந்தேகால் நிமிடம் ஆகும், கூடுதல் நேரத்தில் போகிற சூட்டுக்காக மீட்டரில் இம்மியளவு கூடலாம். கிலோவாட் கால்வாசி விழுந்தும் கிலோவாட் ஹவர் அசையவில்லை.

மலைக்கோட்டை

மோட்டார்ல பில் ஏறும்னு நான் சொன்னது தப்பில்லையே? எங்க போர் மோட்டார் லோ வோல்டேஜ்ல சுடும்.

சுருள்கம்பி

சுடுவது உண்மை, கரண்ட் கூடி காயில் இழப்பு அதிகமாகிறது. பில் எவ்வளவு கூடும் என்பது அந்த மோட்டாரையும் அதன் லோடையும் பொறுத்தது. மொத்தமாக ஒரு விதி சொல்ல மாட்டேன். தனி இழை போடுங்கள், பேசலாம்.

மாடிப்போர்ஷன்

ஓனர் அம்மாவைப் பக்கத்துல நிக்க வச்சே செஞ்சேன். ரீடிங் 412.3-ல இருந்துச்சு, ஒரு லிட்டர் கொதிச்சு அணைஞ்சதும் 412.4. "ஒரே ஒரு புள்ளிதானா"ன்னு கேட்டாங்க. கெட்டில் வச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க.

ஆனா இன்னொன்னு கண்ணுல பட்டுச்சு. சோதனைக்கு முன்னாடி எல்லாத்தையும் அணைச்சு, ஃபிரிட்ஜ் பிளக்கையும் எடுத்துட்டேன். அப்பவும் சிவப்புப் புள்ளி மின்னிக்கிட்டே இருக்கு. அளந்து பார்த்தேன், 18, 19 நொடிக்கு ஒரு தடவை.

மீட்டர்பெட்டி

1125-ஐ 18.75-ஆல் வகுத்தால் 60 வாட். கெட்டிலை விடுங்கள், இதுதான் உங்கள் காசு. ஒரு நாளைக்கு தினம் மூன்று லிட்டர் வெந்நீர் வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். இந்த 60 வாட் இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 1.44 யூனிட், இரண்டு மாதத்துக்கு 86.

உங்கள் போர்ஷனின் எம்சிபியை மொத்தமாக இறக்கிவிட்டுப் பாருங்கள். மின்னுவது நிற்கிறதா?

மாடிப்போர்ஷன்

இறக்கினதும் நின்னுடுச்சு.

ஒயர்மேன்_தெற்கு

அப்ப மீட்டர் நல்லாத்தான் இருக்கு. எம்சிபிக்கு அந்தப் பக்கம் ஏதோ எரியுது. மாடிப் போர்ஷன்ல அடிக்கடி பார்க்குறது இது: மாடிப்படி லைட், மொட்டை மாடி லைட், தெருக் கேட் லைட்னு ஏதாவது ஒன்னை பக்கத்துல கிடைச்ச லைன்ல கோர்த்து விட்டிருப்பாங்க. செட்டப் பாக்ஸ், வைஃபை பெட்டி, பரண்ல மறந்துபோன எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாத்தையும் முதல்ல பாருங்க.

எதுவும் கிடைக்கலைன்னா, எம்சிபியை மறுபடி ஏத்திட்டு ரூம் ரூமா இருக்குற சின்ன எம்சிபியை ஒவ்வொன்னா இறக்குங்க. ஒவ்வொன்னுக்கும் ஒரு நிமிஷமாவது மீட்டர் முன்னாடி நில்லுங்க, 19 நொடிக்கு ஒரு தடவைதான் மின்னும்ங்கிறதால அவசரப்பட்டா ஏமாந்துடுவீங்க. எதை இறக்கினா நிக்குதுன்னு சொல்லுங்க. போர்டு எதையும் நீங்களே கழட்ட வேண்டாம்.

மாடிப்போர்ஷன்

சின்ன எம்சிபியே இல்லைங்க, மொத்தத்துக்கும் ஒன்னுதான். பழைய ஃபியூஸ் கட்டை மூணு இருக்கு.

ஒயர்மேன்_தெற்கு

மெயினை இறக்கிட்டு ஒரு கட்டையை உருவுங்க, அப்புறம் மெயினை ஏத்திட்டு மீட்டரைப் பாருங்க. மறுபடி மெயினை இறக்கிட்டுத்தான் அந்தக் கட்டையைத் திரும்பப் போடணும். அதே மாதிரி மூணையும். மெயின் ஏறியிருக்கும்போது கட்டையைத் தொடவே கூடாது. கை நடுங்கினா விட்டுடுங்க, எலெக்ட்ரீஷியனுக்கு அஞ்சு நிமிஷ வேலை.